"ழே. 125ஃடீஇ" என்றொரு வீட்டு இலக்கம்



கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளி நிர்வாகத்திலோ, பழைய மாணவர் சங்கத்திலோ, நலன்புரிச் சங்கத்திலோ கடிதம் அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள், உங்கள் வீட்டுக்கு ஏதாவது சங்கத்திலிருந்து வந்த கடைசிக் கடித உறையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

தலைப்பில் உள்ளது நான் கற்பனையாகச் செய்த விலாசம். ஆனால் அந்த எழுத்துப் பிழை கற்பனையல்ல. அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கெலிஓயாவிலும் இதுபோல் அச்சான உறைகள் வராத வீடு குறைவு. "No. 125/B," என்பதுதான் இப்படி ஆகியிருக்கிறது. பெயரும் தப்புவதில்லை. "M.I.M. இர்பான்" என்ற மனிதர் "ஆ.ஐ.ஆ. இர்பான்" ஆகிவிடுகிறார். நடுவில் இருக்கும் ஐ மட்டும் தற்செயலாகச் சரியாக விழுந்திருக்கிறது, அதுவும் அவருடைய அதிர்ஷ்டம்.

இதைப் பற்றிப் பேசினால் இரண்டு பதில் வரும். ஒன்று, "தபால்காரருக்கு ஊர் முழுக்கத் தெரியும், எப்படியும் போய்ச் சேரும்." மற்றது மூத்தவர்கள் சொல்வது: "கையால எழுதின காலத்துல இப்படி ஒண்டும் நடக்கல்ல சேர்."

முதல் பதிலை நான் ஏற்கவில்லை. நமது பக்கம் ஒரே காணி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்து 125, 125/A, 125/B என்று நிற்கிறது. மூன்று வீட்டிலும் ஒரே வாப்பாவின் பெயர் முன்னால் வருவதால் இனிஷியலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் ஓர் எழுத்தைத் தவிர வேறு அடையாளம் அந்த உறையில் இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு சங்கம், பெயர் வேண்டாம், உதவிப் பணம் பெறும் குடும்பங்களுக்கு அனுப்பிய கடிதங்களில் ஒன்று பக்கத்து வீட்டில் பிரிக்கப்பட்டது. என்ன தொகை, எதற்காக என்று எல்லாம் உள்ளே இருந்தது. அந்தத் தாய் அடுத்த மாதம் அந்த உதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தபால்காரர் மீது இதில் என்ன குற்றம்? அவர் உறையில் இருந்ததை வாசித்துத்தானே கொடுத்தார்.

இரண்டாவது பதிலில் உண்மை இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்த "டீ" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். காரணம் தெரியாமல் திருத்தப் போனால் ஒரு பிழையை இரண்டாக்கிவிடுவோம்.

நமது சங்கங்களின் பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் வேர்டில் அடித்த அட்டவணைகள். பாமினியில் தமிழ் எழுத்து என்று ஒன்று கோப்புக்குள் கிடையாது. உள்ளே இருப்பது ஆங்கில விசைதான். `f` என்ற எழுத்துக்கு "க" என்ற படத்தை அந்த எழுத்துரு போட்டுக் காட்டுகிறது. `M` என்பதற்கு "ஆ". `B` என்பதற்கு "டீ". தமிழுக்கு எழுத்துகள் அதிகம், விசைகள் குறைவு. அதனால் நிறுத்தக் குறிகளையும் விட்டுவைக்கவில்லை. காற்புள்ளி விசையில் "இ" இருக்கிறது, சாய்கோட்டு விசையில் "ஃ" இருக்கிறது, அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது. பாமினிக்குள்ளேயே காற்புள்ளி வேண்டுமானால் `>` விசையை அடிக்க வேண்டும். இது தெரிந்த தட்டச்சாளர்கள் அப்படியே அடித்தார்கள். தெரியாதவர்களும் அவசரக்காரர்களும் அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி, காற்புள்ளியைப் போட்டு, மீண்டும் பாமினிக்கு வந்தார்கள். சாய்கோட்டுக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். திரையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும்.

வேர்டுக்கு மட்டும் தெரியும், எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று. அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்து இணையத்தில் உள்ள கொன்வேர்ட்டரின் பெட்டியில் ஒட்டியவுடன் எழுத்துரு பற்றிய தகவல் முழுவதும் உதிர்ந்துவிடுகிறது. வெறும் விசைகள் மட்டும் மிஞ்சுகின்றன. கொன்வேர்ட்டர் பாவம், வந்தது எல்லாமே பாமினி என்று நினைத்து மாற்றுகிறது. காற்புள்ளி "இ" ஆகிறது. சாய்கோடு "ஃ" ஆகிறது. `No` என்பது "ழே" ஆகிறது. `Kandy` என்று யாராவது ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அது "முயனெல" ஆகிறது. பரீட்சை சம்பந்தமான பழைய சுற்றறிக்கைகளை மாற்றிப் பார்த்த ஆசிரியர்கள் "ழுஃடு" என்பதைக் கண்டிருப்பீர்கள். அது `O/L`.

எண்கள் போன மாதிரியே திரும்பி வரும். இதை மறக்காதீர்கள், கீழே பயன்படுத்தப் போகிறோம்.

இன்னுமொன்று. ஒரே பட்டியலை ஐந்தாறு வருடமாக மூன்று பேர் அடித்திருப்பார்கள். ஒருவர் `>` அடித்தவர், ஒருவர் எழுத்துரு மாற்றியவர். அதனால் மேலே முப்பது வரி சுத்தமாக மாறி வரும். நாமும் "சரியா வந்திருக்கு" என்று அடுத்த வேலைக்குப் போவோம். பிழை நாற்பதாவது வரியில்தான் தொடங்கும்.

சரி, ஒரு பட்டியலை எடுத்துச் செய்து பார்ப்போம். நானூறு வீடு, வேர்ட் அட்டவணை, மூன்று நிரல்: தொடர் இலக்கம், பெயர், விலாசம். முதல் வேலை, மூலக் கோப்பைப் பிரதி செய்து வைத்துவிட்டுப் பிரதியில் மட்டும் கை வைப்பது.

இதை எக்ஸலுக்குக் கொண்டுபோகும்போதே முதல் பொறி இருக்கிறது. விலாசக் கூட்டுக்குள் யாராவது Enter அடித்து இரண்டு மூன்று வரியாக எழுதியிருந்தால், எக்ஸலில் ஒட்டும்போது அந்த ஒரு வீடு இரண்டு மூன்று வரிசைகளாகப் பிளந்துவிடும். ஆகவே வேர்டிலேயே அட்டவணையைத் தெரிவுசெய்து, `Ctrl+H` அழுத்தி, `^p` என்பதைத் தேடி அதற்குப் பதிலாக `777777` போன்ற, பட்டியலில் வேறெங்கும் வராத ஓர் எண்ணை, முன்னும் பின்னும் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஏன் எண்? எண்தான் கொன்வேர்ட்டருக்குள் போய் முழுசாகத் திரும்பி வரும். நட்சத்திரக் குறியோ வேறு குறியோ போட்டால் அதுவும் பாமினியில் ஏதோ ஓர் எழுத்தாக இருக்கலாம். மாற்றி முடிந்த பிறகு அந்த எண்ணைக் காற்புள்ளியாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைப்பது. கொன்வேர்ட்டரில் பெயர் நிரலைத் தனியாகவும் விலாச நிரலைத் தனியாகவும் ஒட்டி மாற்றித் திரும்ப எடுத்து வருகிறோம். இடையில் ஒரு வெற்று வரி விழுங்கப்பட்டாலோ, தெரிவுசெய்யும்போது ஒரு வரி கைதவறினாலோ, அதற்குக் கீழே இருக்கும் அத்தனை பேரும் ஒரு படி மேலே ஏறிவிடுவார்கள். அவர் பெயருக்கு இவர் விலாசம். எழுத்துப் பிழை என்றால் கண்ணில் படும். இது படாது. எல்லாப் பெயரும் சரியான பெயர், எல்லா விலாசமும் சரியான விலாசம், சேர்க்கைதான் பிழை. பக்கத்து வீட்டில் பிரிக்கப்பட்ட அந்தக் கடிதமும் இப்படித்தான் போயிருக்கும் என்பது என் ஊகம்.

தடுக்க வழி சுலபம். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு விலாசத்துக்கும் முன்னால் அதன் தொடர் இலக்கத்தை ஒட்டிவிடுங்கள். தொடர் இலக்கம் A நிரலிலும் பெயர் B நிரலிலும் இருந்தால்:

```
=TEXT(A2,"000")&" "&B2
```

விலாசத்துக்கு B2 இடத்தில் C2. வந்த நிரலைக் கொன்வேர்ட்டரில் போடுங்கள். "040 ஆ.ஐ.ஆ. இர்பான்" என்று இலக்கத்தோடு திரும்பி வரும். அதை E நிரலில் ஒட்டிவிட்டு, பக்கத்தில்:

```
=LEFT(E2,3)=TEXT(A2,"000")
```

கீழ் வரை இழுத்துவிடுங்கள். எல்லாம் `TRUE` என்றால் யாரும் இடம் மாறவில்லை. எங்கே முதல் `FALSE` வருகிறதோ அங்கேதான் ஒரு வரி விழுந்திருக்கிறது. சரிபார்த்த பிறகு இலக்கத்தை வெட்டிவிட `=MID(E2,5,200)` போதும். இதற்கெல்லாம் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்தின் மானத்தைத் தெருவில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது எழுத்துப் பிழைகள். தலைப்பில் உள்ள விலாசம் இந்தக் கட்டத்தில் இப்படி இருக்கிறது: "ழே. 125ஃடீஇ பள்ளிவாசல் வீதிஇ அக்குறணை". பார்த்தவுடன் கை போவது `Replace All` பக்கம். "இ" எல்லாவற்றையும் காற்புள்ளியாக்குவோம் என்று. செய்தால் என்ன நடக்கும்? இர்பான் ",ர்பான்" ஆவார். இப்ராஹீம், இஸ்மாயில், இம்தியாஸ், இல்ஹாம் எல்லோருக்கும் அதே கதி. நமது பட்டியலில் இகரத்தில் தொடங்கும் பெயர்கள் கொஞ்சமா? "ஃ" விஷயமும் அப்படித்தான். ஃபர்ஹானா என்றும் ஃபாஸில் என்றும் ஆய்தம் போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு சாய்கோடு வந்து நிற்கும்.

இங்கே நமது மொழியின் இலக்கணமே கைகொடுக்கிறது. "இ" என்ற உயிரெழுத்து தனி வடிவில் சொல்லுக்கு முதலில்தான் வரும். சொல்லின் கடைசியில் வந்தால் அது உயிர்மெய்யாகச் சேர்ந்து "தி", "ணி" என்றுதான் நிற்கும். ஆகவே ஒரு சொல்லின் வாலில் தனி "இ" ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது காற்புள்ளியின் ஆவி. அதேபோல எண்ணுக்கு அடுத்ததாக வரும் "ஃ" எப்போதும் சாய்கோடு. ஆறாம் வகுப்பில் முதலெழுத்து, இறுதியெழுத்து என்று படிப்பிக்கும்போது "இதெல்லாம் எதுக்கு சேர்" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இனி இந்த உதாரணத்தைச் சொல்லலாம்.

இந்த இரண்டு விதியையும் லிப்ரே ஒபிஸின் கல்க் செயலியில் அப்படியே எழுதலாம். இலவசமான செயலிதான். `Find & Replace` பெட்டியில் `Regular expressions` என்பதில் சரி போட்டுவிட்டு, விலாச நிரலை மட்டும் தெரிவுசெய்து:

```
Find:    இ(?=\s|$)
Replace: ,

Find:    ([0-9])ஃ
Replace: $1/
```

முதலாவது, இடைவெளிக்கு முன்னாலோ கூட்டின் முடிவிலோ நிற்கும் "இ" யை மட்டும் பிடிக்கும். இரண்டாவது, எண்ணுக்குப் பின்னால் வரும் ஆய்தத்தை மட்டும். தட்டச்சாளர் காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாமல் "வீதிஇஅக்குறணை" என்று ஆகியிருந்தால் முதல் விதி அதைப் பிடிக்காது. அதற்கு விலாச நிரலில் "இ" என்று தேடி `Find Next` அழுத்திக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. `Regular expressions` என்பதில் போட்ட சரியை எடுத்துவிட்டு, "ழே." என்பதை "இல." என்று ஆக்குங்கள். அதைத் துணிந்து மொத்தமாக மாற்றலாம், "ழே." என்று புள்ளியோடு முடியும் விலாசச் சொல் நமக்குக் கிடையாது. எண்ணுக்குப் பின்னால் வரும் யு, டீ, ஊ முறையே A, B, C. இவற்றையும் சாய்கோட்டோடு சேர்த்து, `/டீ` என்று தேடி `/B` என்று மாற்றினால் வேறு சொற்களில் உள்ள "டீ" தப்பிக்கொள்ளும்.

பெயர் நிரலில் இந்தத் தைரியம் வேண்டாம். M என்பது ஆ, A என்பது யு, R என்பது சு, F என்பது கு, K என்பது மு. "யு.சு.ஆ." என்று கண்டால் A.R.M. என்று சொல்லிவிடலாம். ஆனால் "மு." என்று ஒரு பெயர் தொடங்கினால் அது K. என்ற ஆங்கில இனிஷியலா, அல்லது உண்மையிலேயே தமிழில் அடித்த மு. தானா? மாற்றிய அட்டவணையில் இரண்டும் ஒரே எழுத்து. அங்கே எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் விடை கிடைக்காது. மூலக் கோப்பைத் திறந்து அந்த எழுத்தில் கர்சரை வைத்தால் மேலே எழுத்துருவின் பெயர் காட்டும். பாமினி என்றிருந்தால் மு, `Times New Roman` என்றிருந்தால் K. ஆகவே இனிஷியல்களை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துவதுதான் முறை. நானூறு பெயரில் ஆங்கில இனிஷியல் போட்டவை எல்லாமாக இருக்காது. அதற்காக மொத்தமாக மாற்றுகிறேன் என்று போனால் ஒரு முஸ்தபா "கேஸ்தபா" ஆவதற்கும் வழி இருக்கிறது.

வீட்டு இலக்கத்தை விலாசத்திலிருந்து பிரித்துத் தனி நிரலில் வைப்பது நல்லது என்று நானும் சொல்வேன். வீதி வாரியாக வரிசைப்படுத்திக் கையால் விநியோகிக்க உதவும். ஆனால் ஒன்றைச் செய்துவிட்டுப் பிரியுங்கள். அந்த நிரலை முன்கூட்டியே `Text` என்று அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தனியாக நிற்கும் 12/3 என்பதை எக்ஸல் ஒரு திகதி என்று எடுத்துக்கொள்ளும். 125/3 தப்பிவிடும், 12/3 உம் 7/4 உம் மாட்டிக்கொள்ளும். வேர்ட் இன்னொரு வேலையும் செய்யும். எக்ஸல் நிரல் எண்ணா எழுத்தா என்பதை முதல் எட்டு வரியை வைத்தே ஊகிக்கும் பழக்கம் அந்த இணைப்புக்கு இருக்கிறது. அந்த எட்டும் 14, 22, 31 என்று வெறும் எண்ணாக இருந்தால், கீழே வரும் 125/B கடிதத்தில் வெறுமையாகவோ 0 என்றோ அச்சாகலாம். நிரல் முழுவதும் எழுத்தாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

இவ்வளவும் செய்து அட்டவணை சுத்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி வேர்டில் மெயில் மேர்ஜ். கடிதத்தைத் திறந்து, அட்டவணையை இணைத்து, பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர்ப் புலத்தையும் விலாசம் வரவேண்டிய இடத்தில் விலாசப் புலத்தையும் செருகுகிறோம். `Preview Results` அழுத்தினால், மறுபடியும் "இல. 125ஃடீஇ"!

இந்த இடத்தில்தான் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். அட்டவணையைத் திறந்தால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. கடிதத்தில் பிழை. கொம்பியூட்டரில் பேய் என்று நினைக்கத் தோன்றும். காரணம் இதுதான்: போன வருடக் கடிதத்தையே மாதிரியாக எடுத்திருப்பார்கள், அது பாமினியில் அடித்தது. புலத்தைச் செருகிய இடத்தின் எழுத்துருவும் பாமினி. மேர்ஜ் செய்யும்போது அட்டவணையிலிருந்து எழுத்துகள் மட்டும்தான் வரும், எழுத்துரு வராது. அவை வந்து விழும் இடத்தின் சட்டையைப் போட்டுக்கொள்ளும். யூனிகோட் தமிழுக்கு வேர்ட் தனியாக ஓர் எழுத்துரு வைத்திருப்பதால் "இர்பான்", "வீதி" எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் காற்புள்ளி, சாய்கோடு, B ஆகிய மூன்றும் ஆங்கில விசைகள். அவை பாமினிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இ, ஃ, டீ என்று அச்சாகின்றன. கடிதத்தில் "இ" என்று தேடினால்கூடக் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது உண்மையில் காற்புள்ளிதான்.

புலத்தை மட்டும் தெரிவுசெய்து `Nirmala UI` என்றோ, தமிழும் ஆங்கிலமும் உள்ள வேறு யூனிகோட் எழுத்துரு என்றோ மாற்றினால் தீர்ந்துவிடும். அதைவிடக் கடிதத்தின் உடலையும் ஒருமுறை யூனிகோட்டில் அடித்துவிடுவதே மேல். ஒரு பக்கக் கடிதத்தை அடிக்க அரை மணித்தியாலம் போதும். இலங்கையில் தமிழ் யூனிகோட்டுக்கான SLS 1326 நியமம் 2008 இல் வந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் புதிய அங்கத்தவர்களைப் பாமினியிலேயே சேர்த்துக்கொண்டிருக்கும் சங்கங்களை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. "எங்கட தட்டச்சாளருக்கு அதுதான் பழக்கம்" என்பார்கள். அவருக்குப் பழக்கமான விசை அமைப்பிலேயே யூனிகோட்டில் அடிக்க விசைப்பலகை மென்பொருட்கள் இருக்கின்றன. விரல் மாறத் தேவையில்லை, கோப்பு மட்டும் மாறும்.

உறை பற்றி ஒரு சொல். கடிதத்தை ஒரு தடவையும் உறையை அல்லது ஒட்டுத்தாளை இன்னொரு தடவையும் மேர்ஜ் செய்கிறோம். இடையில் யாராவது அட்டவணையைப் பெயர் வாரியாக வரிசைப்படுத்தினால் கடிதக் கட்டு ஓர் ஒழுங்கிலும் உறைக் கட்டு வேறு ஒழுங்கிலும் இருக்கும். மடித்துப் போடும் பிள்ளைகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். தொடர் இலக்கத்தைக் கடிதத்தின் மூலையிலும் உறையின் மூலையிலும் சிறிதாக அச்சிடுங்கள். 040 ஐ 040 க்குள் போடு என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளையும் செய்யும். அதோடு உறையில் ஊர்ப் பெயரை ஆங்கிலத்திலும், அக்குறணைக்கு 20850, கட்டுகஸ்தோட்டைக்கு 20800 என்று தபால் குறியீட்டையும் தனி நிரலாக வைத்து அச்சிடுவது நல்லது. தரம் பிரிக்கும் இடத்தில் உள்ளவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாம், உரிமையும் உண்டு. ஆனால் அதை நிலைநாட்டும் இடம் ஒரு விதவையின் உதவிக் கடிதமல்ல. அந்த ஆங்கில நிரலைக் கொன்வேர்ட்டருக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்.

இனி மூத்தவர்கள் சொன்ன அந்தப் பதில். கையால் எழுதிய காலத்தில் இப்படி நடக்கவில்லை என்பது சரிதான். ஏன் நடக்கவில்லை? எழுதியவர் ஒவ்வொரு பெயரையும் வாசித்துத்தான் எழுதினார். "இர்பான் காக்கா வீடு மாறிட்டாரே", "இவர் மௌத்தாகி ரெண்டு வருஷமாச்சே" என்று எழுதும்போதே நின்றார். எழுத்து வேலைக்குள் ஒரு சரிபார்ப்பு வேலையும் மறைந்திருந்தது, அதற்குத் தனியாகப் பெயர் இருக்கவில்லை. மெயில் மேர்ஜ் எழுத்து வேலையை எடுத்துக்கொண்டபோது வாசிப்பும் கூடவே போய்விட்டது. நானூறு கடிதம் அச்சாகும் வரை ஒரு மனிதக் கண் ஒரு பெயரிலும் படுவதில்லை.

ஆகவே என் கட்சி, அந்த வாசிப்பை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது. `Print` அழுத்துவதற்கு முன் `Edit Individual Documents` மூலம் எல்லாக் கடிதத்தையும் ஒரே கோப்பாக எடுத்து, பெயரும் விலாசமும் உள்ள பகுதியை மட்டும் தாளில் அச்சிட்டு, இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் மாற்றிய தாளை உரத்து வாசிக்க, மற்றவர் மூலப் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டு வர வேண்டும். உரத்து வாசிப்பது அவசியம். "ஆ.ஐ.ஆ. இர்பான்" என்பதைக் கண் கடந்து போய்விடும், வாய் கடக்காது. இருவரில் ஒருவர் ஊரை வீடு வீடாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவருக்குக் கொம்பியூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நானூறு பெயர் என்றால் இஷாவுக்குப் பிறகு இரண்டு இரவு வேலை.

இப்போது நடப்பது என்ன? கூட்டம் முடிந்து, "நாளைக்குப் போகோணும்" என்று பென்டிரைவை ஏ.எல். படிக்கும் ஒரு தம்பியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவன் இரவு பதினொரு மணிக்கு மாற்றி, பன்னிரண்டு மணிக்கு மேர்ஜ் செய்து, காலையில் அச்சகத்தில் கொடுக்கிறான். பிழை வந்தால் "அவன்தான் செஞ்சான்". அந்தத் தம்பிக்கு 125/A யில் யார், 125/B யில் யார் என்று எப்படித் தெரியும்? அது செயலாளருக்கும் பொருளாளருக்கும் தெரிந்த விஷயம். அவர்கள்தான் அந்த இரண்டு இரவும் உட்கார வேண்டியவர்கள்.

அச்சிட்டு முடிந்த பிறகு திருத்திய அட்டவணையைத் திகதி போட்டுச் சேமியுங்கள், அடுத்த வருடம் அதிலிருந்தே தொடங்கலாம். பழைய பாமினிக் கோப்பை "இனி எதுக்கு" என்று அழிக்க வேண்டாம். "மு." என்று எழுதியிருப்பவர் K. இல்லை என்று யாராவது வந்து சொன்னால், அந்த எழுத்தின் எழுத்துரு எது என்பது அந்த ஒரு கோப்பில் மட்டும்தான் இருக்கிறது.